எங்கே நின்று எடுத்தாய்?

பத்து வயதுப் பிள்ளை ஓடிவந்து போனை நீட்டி ஒரு போட்டோவைக் காட்டுகிறது. அடுப்படியில் நிற்கிறவர் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு "சூப்பர் கண்ணு" என்கிறார். பிள்ளை போய் இன்னும் முப்பது படம் எடுத்து வருகிறது. அவையும் சூப்பர். நாலு நாள் கழித்து அந்தப் போன் மேசை டிராயருக்குள் போய்விடும், இல்லாவிட்டால் கேம் ஆடுவதற்கு ஆகிவிடும். 'அவனுக்கு அதுல ஆர்வம் இல்லைங்க' என்று வீட்டில் தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். முப்பது படத்தில் இரண்டு ஏன் நன்றாக வந்தன, மற்றவை ஏன் வரவில்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல மட்டும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சொல்லிக் கொடுக்க பெரியவருக்குப் புகைப்படக் கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு விஷயம் தெரிந்தால் போதும். எதைப் பாராட்டுவது என்பது அதைவிட முக்கியம்.

முதலில் போன். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் எதுவானாலும் சரி, திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கேமராவின் மேல் உள்ள சின்னக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கக் கூடாது. பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது, சார்ஜும் போடக் கூடாது, சர்வீஸ் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும். நல்ல போனாக இருந்தால் சிம்மைக் கழற்றி, உங்கள் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு போன் அடம் பிடிக்கும். வைஃபை வேண்டாம். கேமரா செட்டிங்கில் நாலு வேலை இருக்கிறது: முகத்தை மழமழவென்று ஆக்கும் பியூட்டி வசதியை அணைப்பது, படத்தோடு இடத்தையும் பதிவுசெய்யும் லொகேஷனை அணைப்பது, ஃப்ளாஷை அணைப்பது, திரையில் ஒன்பது கட்டமாகக் கோடு காட்டும் கிரிட்டைப் போட்டுவைப்பது. போன் உறையில் ஓட்டை இருந்தால் ஒரு கயிற்றைக் கோத்து மணிக்கட்டில் மாட்டிவிடுங்கள். கீழே விழுந்துவிடுமோ என்ற பயம் போனால்தான் பிள்ளை குனியும், படுக்கும், திண்ணையில் ஏறும்.

முதல் பாடம் துடைப்பது. சிரிக்காதீர்கள், போன் படங்கள் மங்கலாக வருவதற்குப் பல நேரம் காரணம் லென்ஸில் இருக்கும் விரல் எண்ணெய்தான். வாயால் சொன்னால் பிள்ளை மறந்துவிடும், செய்து காட்டினால் மறக்காது. கட்டைவிரலை லென்ஸின் மேல் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். அப்படியே எரிகிற டியூப்லைட்டை ஒரு படம். விளக்கைச் சுற்றிப் பால் ஊற்றிய மாதிரி வெளுப்பும், குறுக்கே ஒளிக்கீற்றுகளும் இருக்கும். இப்போது மெத்தென்ற பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கவிடுங்கள். அதன்பின் போனைக் கையில் எடுத்ததும் தன்னால் சட்டைத்துணியைத் தேடும்.

அடுத்தது வெளிச்சம், மொத்தப் பாடத்திலும் பாதி இதுதான். பிள்ளையைச் சன்னலோரம் நிறுத்தி, ஒரு கையை முகத்துக்கு நேரே நீட்டி, அந்தக் கையையே பார்த்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். சன்னலைப் பார்த்து நிற்கும்போது புறங்கை சன்னல் பக்கம் இருக்கும், தன் பக்கம் திரும்பிய உள்ளங்கை இருண்டு கிடக்கும். முதுகைச் சன்னலுக்குக் காட்டித் திரும்பியதும் உள்ளங்கை ரேகை எல்லாம் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் நிற்கும்போது பாதி வெளிச்சம், பாதி நிழல், விரல் கணுக்கள் எடுப்பாக நிற்கும். உள்ளங்கை இருக்கும் இடத்தில் ஒரு முகம் இருப்பதாக நினைத்துக்கொள் என்றால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கிவிடும். நம் ஊர் உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். வேப்பமரத்தடியிலோ முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். தாழ்வாரத்தின் விளிம்பு, வாசற்படியின் உள்பக்கம், இப்படி நிழலுக்குள் இருந்துகொண்டு வெளியைப் பார்க்கிற இடங்கள் எந்த நேரத்துக்கும் கைகொடுக்கும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் வெயிலே சாய்ந்து வந்து வேலையை எளிதாக்கிவிடும்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி வருகிறது என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். திருநெல்வேலியில் அண்ணன் வீடு. அண்ணன் மகள் ஐந்தாம் வகுப்பு. பின்வாசல் தாழ்வாரத்தில் அவளுடைய ஆச்சி, அதாவது என் அம்மா, முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இவள் அடுப்படிக்குள் நின்றபடி, "ஆச்சி, இங்க பாருங்க" என்று ஒன்று எடுத்தாள். படத்தில் முற்றம் வெள்ளையாக வெளுத்துக் கிடந்தது. ஆச்சி முன்னால் ஒரு கறுப்பு உருவம். பல் மட்டும் தெரிந்தது.

"அத்தை, ஆச்சி கறுப்பா வந்துட்டாங்க."

"வெளிச்சம் எங்கேருந்து வருது?"

முற்றத்தைக் காட்டினாள்.

"ஆச்சி மூஞ்சியில விழுற வெளிச்சத்தைப் பாக்கணும்னா நீ எங்க நிக்கணும்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முற்றத்தில் இறங்கி நின்றுகொண்டாள். இப்போது வெளிச்சம் அவள் முதுகுப் பக்கம். இரண்டாவது படத்தில் ஆச்சியின் முகம் தெளிவாக வந்தது. ஆனால் தாழ்வாரச் சுவர், கொடியில் தொங்கும் துண்டு, கேஸ் சிலிண்டர், மூலையில் விளக்குமாறு எல்லாம் கூடவே வந்துவிட்டன. அதற்குள் நடுவில் ஆச்சி எங்கோ சின்னதாக உட்கார்ந்திருந்தார்.

அவள் திரையில் இரண்டு விரலை வைத்து ஜூம் செய்யப் போனாள். பழைய போன்களில் பெரும்பாலும் அந்த ஜூம் உண்மையான ஜூம் இல்லை. எடுக்கப்போகிற படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் முகம் எண்ணெய்த் தாளில் பார்த்தது மாதிரி கலங்கலாக வரும். காலால் நடந்து கிட்டே போவதுதான் ஜூம் என்று சொன்னேன். போனாள். முறத்துக்குப் பக்கத்தில், ஆச்சியின் கண்மட்டத்துக்கு வரும்படி சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தபோது மண்டையும் முடியும்தான் பெரிதாகத் தெரிந்தன. இப்போது முகம், தோள், கை, முறம் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன.

கிட்டே போவதிலும் ஒரு எல்லை இருக்கிறது. போனின் முதன்மைக் கேமரா அகலமாகப் பார்க்கிற ஜாதி. ஒரு அடிக்குள் முகத்தை எடுத்தால் மூக்கு புடைத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். முகம் என்றால் மூன்று நான்கு அடி தள்ளி இருப்பது நல்லது. கைகளையோ கீரையையோ எடுப்பதானால் ஒரு சாண் வரை போகலாம். அதற்கும் கிட்டே போனால் பழைய போன்கள் பலவற்றில் ஃபோகஸ் பிடிக்காது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இலை மங்கியும் அதற்குப் பின்னால் இருக்கிற புடவைக்கரை தெளிவாகவும் இருக்கும். அப்படி வந்தால் நாலு விரற்கடை பின்வாங்க வேண்டும்.

கடைசியாக எடுத்ததில் ஆச்சி கேமராவைப் பார்க்கவில்லை. காம்பை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் மேலிருந்து கீழே உருவுகிறார். இலைகள் முறத்தில் விழுகிற நேரத்தில் அழுத்தியிருந்தாள். அதற்கு முன் எடுத்த நாலைந்தில் கை காம்பை மறைத்திருந்தது, அல்லது உருவி முடிந்து வெறுங்காம்பு இருந்தது. "ஆச்சி கை கீழே வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அழுத்தணும் அத்தை, இந்தப் போன் லேட்டா எடுக்குது" என்றாள். அதை நான் சொல்லித் தரவில்லை.

போன் தானாகச் செய்கிற ஒரு தப்பும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரையில் இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் சேர்த்து, சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கிறது. கறுப்பு ஆட்டுக்குட்டி திரை முழுவதும் நிறைந்திருந்தால், 'ரொம்ப இருட்டு' என்று அது நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும். குட்டி சாம்பலாக வெளுத்துவிடும். வெள்ளைச் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைப் பசுவை எடுத்தால் எல்லாம் அழுக்கடைந்த மாதிரி வரும். எடுக்கவேண்டிய பொருளின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளம் வரும். விரலைக் கீழே இழுத்தால் படம் இருளும், மேலே இழுத்தால் வெளுக்கும். கறுப்புக்குக் கீழே, வெள்ளைக்கு மேலே. கறுப்புக் குடை ஒன்றையும் துவைத்த வேட்டி ஒன்றையும் கொடுத்து, கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும்வரை எடுத்துவா என்றால் ஒரு மதியம் ஓடிவிடும்.

இருட்டிய பின் வேறு பிரச்சினை. விளக்கொளி போதாததால் போன் தன் கண்ணை அதிக நேரம் திறந்துவைக்கிறது. நல்ல வெயிலில் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். ராத்திரி வீட்டுக்குள் முப்பதில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்று இழுக்கும். அதற்குள் தம்பி ஓடிவிடுவான், இவள் கையும் ஆடிவிடும். படம் கலங்கினால் எது ஆடியது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பின்னால் உள்ள அலமாரி, கதவு எல்லாம் தெளிவாக இருந்து தம்பி மட்டும் கலங்கினால் தம்பி ஆடியிருக்கிறான். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது போன். போன் ஆடினால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளலாம், தூணில் சாய்ந்துகொள்ளலாம். தம்பி ஆடினால் அவன் உட்காரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நைட் மோடை நம்பிப் பயனில்லை, அதற்கு இன்னும் அதிக நேரம் வேண்டும்.

இனி பாராட்டு. ஆச்சி படத்தை அவள் என்னிடம் காட்டியபோது 'அழகா இருக்கு' என்று நான் தொடங்கவில்லை. "உக்காந்து எடுத்திருக்கே, அதனால ஆச்சி கண்ணு தெரியுது" என்றேன். பாராட்டுக்கு இந்த அமைப்பு போதும். பிள்ளை செய்த ஒரு காரியம், அதனால் படத்தில் வந்த ஒரு பலன். 'இலை விழுறவரைக்கும் காத்திருந்தே, அதனாலதான் வேலை நடக்கிறது தெரியுது.' 'சிலிண்டரை வெளியே விட்டுட்டே, இப்ப கண்ணு நேரா முறத்துக்குப் போகுது.' இப்படிச் சொன்னால் நாளைக்கு வேறு படத்திலும் அவளால் அதைத் திரும்பச் செய்ய முடியும். சூப்பர் என்பதைத் திரும்பச் செய்ய எந்தப் பிள்ளையாலும் முடியாது.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனைகளை 1998-இல் வெளியிட்டார்கள். புதிர்களைச் சரியாகப் போட்ட பிள்ளைகளில் சிலரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றும், சிலரிடம் 'நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் அடுத்த முறை எளிதானதைத் தேடினார்கள். கடினமான புதிரில் தோற்றபின் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். போட்டோவுக்கு இன்னும் நெருக்கமானது எடி புரூமெல்மானும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்தில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வான்கோவின் காட்டு ரோஜா ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளிடம் 'நம்பமுடியாத அளவுக்கு அழகான படம்' என்று தூக்கிவைத்துப் பாராட்டியபோது, அடுத்து வரைய அவர்கள் சுலபமான படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து கீழே விழுவானேன் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூச்சப்படும் பிள்ளையைத்தான் நாம் அதிகமாகத் தூக்கிவைக்கிறோம் என்பது இதில் உள்ள சங்கடம்.

அப்படியானால் சரியில்லாத படத்துக்கு என்ன சொல்வது? பொய் வேண்டாம், குற்றமும் வேண்டாம். கேள்வி கேளுங்கள். 'எங்கே நின்று எடுத்தாய்?' 'இதில் எதை நான் முதலில் பார்க்கணும்னு நினைச்சே?' பிள்ளை 'பூனையை' என்கிறது, உங்கள் கண்ணோ பூனைக்குப் பின்னால் இருக்கிற சிவப்புப் பக்கெட்டுக்குப் போகிறது என்றால், அதை அப்படியே சொல்லிவிடலாம். 'எனக்கு முதல்ல பக்கெட்தான் தெரிஞ்சுது.' அது திட்டு இல்லை, தகவல். அடுத்த நிமிடம் பக்கெட்டை நகர்த்தவோ தான் நகரவோ பிள்ளை கிளம்பிவிடும். கிரிட் கோடு குறுக்கும் நெடுக்குமாக இருக்கிறதே, அதில்தான் முகத்தை வைக்க வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். பத்து வயதில் அந்தக் கோடு தரைமட்டம் சாயாமல் பார்த்துக்கொள்ள உதவினால் போதும். சட்டத்தை முதலில் கொடுத்தால் பிள்ளை ஆளைப் பார்க்காது, கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எதை எடுப்பது என்பதையும் பெரியவர் தீர்மானிக்கக் கூடாது, ஆனால் ஒரு வேலி போட்டுக் கொடுக்கலாம். வெண்டி இவால்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1970-களில் கென்டக்கி மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக் கொடுத்தபோது கொடுத்த தலைப்புகள் மிக எளியவை: நீ, உன் குடும்பம், உன் வீட்டு விலங்குகள், உன் கனவுகள். கனவைப் படமெடு என்றதும் பிள்ளைகள் நண்பர்களையே நடிக்கவைத்து எடுத்தார்கள். அந்தப் படங்கள் 1985-இல் புத்தகமாக வந்தன. நம் வீட்டுப் பிள்ளைக்கு 'வேலை செய்கிற கைகள்', 'வாசலில் நடப்பது', 'நிழல் மட்டும்' என்று வாரம் ஒன்று கொடுக்கலாம். ஒரு தலைப்புக்கு இருபது படம் என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் அழுத்திய விரல் நிற்காது, யோசனை வராது.

எடுத்ததைவிடத் தேர்ந்தெடுப்பதில்தான் பிள்ளை அதிகம் கற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, இருபதில் மூன்றை அதையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி நாலு படம் இருந்தால் இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஒன்றைத் தள்ள வேண்டும், ஏன் தள்ளுகிறது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடித்த படம் தள்ளுபடியானாலும் வாயைத் திறக்காதீர்கள். அண்ணன் மகள் ஆச்சி சிரிக்கிற படத்தைத் தள்ளிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். "அதுல ஆச்சி எனக்காகச் சிரிக்காங்க" என்றாள். அதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல?

ஒரு கண்டிப்பும் வேண்டும், அது தொடக்கத்திலேயே வேண்டும். ஆளை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். எடுத்த பிறகு அழி என்று கேட்டால் அவர் கண்ணெதிரிலேயே அழிக்க வேண்டும். கீரைக்காரம்மாவிடம் கேட்டு, வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த பிள்ளையை அன்றைக்குக் கட்டாயம் பாராட்டுங்கள். படம் இல்லாவிட்டாலும் அது நல்ல காரியம். இதே சட்டம் பெரியவர்களுக்கும் பொருந்தும். பிள்ளை எடுத்த படத்தை அதைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டால் அன்று முதல் பிள்ளை தனக்காக எடுப்பதை நிறுத்திவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடும்.

அதற்குப் பதிலாகப் பிரிண்ட் போடுங்கள். நாலுக்கு ஆறு அங்குலத் தாளுக்குச் சுமார் இரண்டு மெகாபிக்சல் இருந்தாலே போதும், எந்தப் பழைய போனும் அதைத் தாண்டிவிடும். மாதம் ஐந்து படம் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் படம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் இருக்கும், தாளோ மூன்றுக்கு இரண்டு. தாளை நிரப்பும்போது படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கை மெஷின் வெட்டிவிடும். படுக்கைவாட்டில் எடுத்த படத்தில் தலையோ காலோ போகும், நிமிர்த்தி எடுத்ததில் இரண்டு ஓரமும் போகும். ஆச்சி படத்தில் முறத்தின் கீழ் விளிம்பு போகப் பார்த்தது. "வெட்டாம, ஓரத்துல வெள்ளை விட்டுப் போடுங்கண்ணே" என்று அவளே கடைக்காரரிடம் சொல்லி வாங்கிவந்தாள். விலை ஒன்றுதான்.